வராத பணத்துக்கும் வருமான வரியா? வாராக்கடனில் எது கழியும், எது கழியாது?

சரக்கு போயாச்சு. பில் போட்டாச்சு. வாங்கிய கடைக்காரர் இன்னைக்கு, நாளைக்குன்னு இழுத்து, கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிட்டார். பணம் வரவே இல்லை. ஆனால் அந்த பில் தொகையை வருமானமாகக் காட்டி, அதற்கு வரியும் கட்டி முடித்தாச்சு.

"சரி, நஷ்டம்னு எழுதிட்டா வரி குறையும்தானே?" என்று நினைத்து கணக்கை முடிக்கும்போதுதான், ஆடிட்டர் சில தொகைகளைச் சுற்றி வட்டம் போட்டு "இது கழியாது, திரும்பச் சேர்க்கணும்" என்கிறார். எல்லாமே வராத பணம்தான். பிறகு எப்படி ஒன்று கழிகிறது, இன்னொன்று கழிவதில்லை?

பதில், பணம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதில் இல்லை. அதை உங்கள் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதினீர்கள் என்பதிலும், அந்தத் தொகை முன்பு வருமானத்தில் சேர்ந்ததா என்பதிலும்தான் இருக்கிறது. இந்திய வருமான வரிச் சட்டப்படி இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம்.

வாராக்கடன், ஐயக்கடன் - என்ன வித்தியாசம்?

பிளஸ் 1 கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் நினைவிருக்கும்.

இனி வராது என்று முடிவு செய்து, கணக்கிலிருந்தே நீக்கிவிட்ட கடன், வாராக்கடன். இப்படி நீக்குவதற்குப் பெயர் போக்கெழுதுதல். கடைவீதியில் ரைட் ஆஃப் என்பார்கள்.

வருமா வராதா என்று சந்தேகத்தில் இருக்கும் கடன், ஐயக்கடன். எதற்கும் இருக்கட்டும் என்று இதற்காக லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் ஒதுக்கு, அதாவது ப்ரொவிஷன். இதில் வாடிக்கையாளர் கணக்கு அப்படியே நிற்கும். அவர் தர வேண்டிய தொகை ஒரு ரூபாய்கூட குறையாது.

இரண்டுமே லாப நட்டக் கணக்கில் செலவாகப் போய் உட்காரும், இரண்டுமே லாபத்தைக் குறைக்கும். ஆனால் வரித்துறை இரண்டையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 36(1)(vii), வாராக்கடனை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. பிரிவு 36(2) அதற்கான நிபந்தனையைச் சொல்கிறது. சுருக்கமாக மூன்று கேள்விகள்.

ஒன்று: அந்தக் கடன் தொகை, இந்த ஆண்டோ முந்தைய ஏதாவது ஓர் ஆண்டோ உங்கள் வருமானத்தில் சேர்க்கப்பட்டதா? வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவர்கள், வங்கிகள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. அவர்கள் கொடுத்த அசல் வருமானத்தில் சேர்ந்திருக்காது என்றாலும், தொழிலின் வழக்கப்படி கொடுத்த கடன் என்றால் போதும்.

இரண்டு: இந்த ஆண்டின் கணக்கிலேயே அது வராது என்று போக்கெழுதப்பட்டதா?

மூன்று: அது உண்மையில் போக்கெழுதியதா, இல்லை ஒதுக்கு மட்டும்தானா? போக்கெழுதிய வாராக்கடன் என்பதில் ஒதுக்கு சேராது என்று இந்தப் பிரிவின் விளக்கமே நேரடியாகச் சொல்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் போக்கெழுதியது வேறு, ஒதுக்கு வேறு என்ற அடிப்படை அப்படியே தொடர்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஈரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கூட்டாண்மை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கான கணக்குதான். கணக்கு எளிதாக இருக்க ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கவில்லை.

2024-25 நிதியாண்டில் எல்லாச் செலவும் போக புத்தகத்தில் நிற்கும் லாபம் 10 லட்சம் ரூபாய். அந்தச் செலவில் வராத பணம் என்ற வகையில் ஐந்து தொகைகள் இருக்கின்றன.

1. சேலம் கடைக்காரர் பாக்கி: ரூ.3,00,000. 2022-23-ல் போட்ட பில்கள். கடையை மூடிவிட்டார். முழுவதும் போக்கெழுதியாச்சு.
2. மதுரைக் கடைக்காரர் பாக்கி ரூ.2,40,000. பாதியாவது வராது என்ற பயத்தில் ரூ.1,20,000 ஒதுக்கு.
3. மற்ற வாடிக்கையாளர்கள் தர வேண்டிய 40 லட்சத்துக்குப் பொதுவாக 2 சதவீதம் ஒதுக்கு: ரூ.80,000.
4. துணி நெய்து தர ஒரு தறிக்கூடத்துக்குக் கொடுத்த முன்பணம்: ரூ.1,50,000. துணியும் வரவில்லை, பணமும் வரவில்லை.
5. பங்குதாரர் ஒருவரின் நண்பருக்கு, நிறுவனக் கணக்கிலிருந்து கொடுத்த கைமாத்து: ரூ.2,00,000. இதையும் வாராக்கடன் என்று எழுதியாச்சு.

கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக மொத்தம் 31.2 சதவீதம். 10 லட்சத்துக்கு 3,12,000 ரூபாய் கட்டினால் போதும் என்று முதலாளி நினைக்கிறார். நினைப்பது சரியா?

சேலம் பாக்கி: கழியும்

பில் போட்ட 2022-23-லேயே இந்த 3 லட்சம் விற்பனையில் சேர்ந்துவிட்டது. பணம் கைக்கு வந்ததா என்று பார்க்காமல், பில் போட்டதுமே வருமானமாக எழுதும் முறையில்தான் இந்த நிறுவனம் கணக்கு வைக்கிறது. எனவே முதல் நிபந்தனை ஓகே. 2024-25 கணக்கில் சேலம் கடைக்காரரின் பேரேட்டையே நேர் செய்து மூடியாச்சு. இரண்டாவதும் ஓகே. 3 லட்சமும் முழுசாகக் கழியும்.

இங்கே பலருக்கு வரும் சந்தேகம்: அவர் உண்மையிலேயே தர முடியாத நிலையில் இருக்கிறார் என்று நிரூபிக்கணுமா? கோர்ட்டுக்குப் போயிருக்கணுமா?

முன்பு அப்படித்தான் இருந்தது. எந்த ஆண்டில் அது வாராக்கடனாக மாறியது என்பதை வியாபாரி காட்ட வேண்டும். "போன வருஷமே தெரிஞ்சிருக்குமே", "இன்னும் ரெண்டு வருஷம் பார்த்திருக்கலாமே" என்று இரண்டு பக்கமும் வழக்குகள் நடந்தன. 1989 ஏப்ரல் 1 முதல் சட்டம் மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின் பொருளை டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கடன் உண்மையிலேயே வராதது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கணக்கில் வராது என்று போக்கெழுதியிருந்தால் போதும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதற்காக யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று அர்த்தமில்லை. மார்ச்சில் வராது என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் அதே கடைக்கு மறுபடி கடனுக்கு சரக்கு அனுப்பினால், இது உண்மையான போக்கெழுதல்தானா என்ற கேள்வி நிச்சயம் வரும். சொந்தக்காரர் நிறுவனத்தின் பாக்கியை எழுதினாலும் அப்படியே.

மதுரை பாக்கி: இந்த ஆண்டு கழியாது

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 1,20,000 ரூபாய் லாப நட்டக் கணக்கில் செலவாகப் போயிருக்கிறது. ஆனால் மதுரைக் கடைக்காரரின் பேரேட்டில் இன்னும் 2,40,000 பாக்கி முழுசாக நிற்கிறது. இது வெறும் ஒதுக்கு. அதனால் 1,20,000 ரூபாயையும் லாபத்தோடு திரும்பச் சேர்க்கணும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடனில் ஒரு பகுதியை மட்டும் போக்கெழுதவும் சட்டம் இடம் தருகிறது. பாதி வரவே வராது என்பது உறுதியாகியிருந்தால், அதே 1,20,000-ஐ மதுரைக் கணக்கிலிருந்தே குறைத்து, பாக்கியை 1,20,000 என்று காட்டியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் இதே தொகை இந்த ஆண்டே கழிந்திருக்கும். ஆளும் அதே ஆள், தொகையும் அதே தொகை. எழுதிய பதிவு மட்டும்தான் வேறு.

அப்போ ஒவ்வொருவர் பேரேட்டையும் மூடியே ஆகணுமா? விஜயா வங்கி வழக்கில் இதுதான் கேள்வி. வங்கி லாப நட்டக் கணக்கில் செலவு எழுதியது. இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் கடன்கள் தொகையிலிருந்தும் அதே அளவு குறைத்துக் காட்டியது. ஆனால் தனித்தனிக் கடனாளிகளின் கணக்கை மூடவில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம், இதுவே போக்கெழுதியதற்குச் சமம் என்றது. பொறுப்புகள் பக்கத்தில் ஒதுக்கு என்று தனியாக நிறுத்தி வைத்தால் அது ஒதுக்கு. சொத்துப் பக்கத்திலேயே கழித்து நிகரத் தொகையைக் காட்டினால் அது போக்கெழுதல்.

ஆக, வரிக்குப் பெயர் முக்கியமில்லை, பதிவுதான் முக்கியம். இருந்தாலும் சிறு வியாபாரிகளுக்குச் சிக்கல் இல்லாத வழி, எந்தக் கடன் என்று பெயர் சொல்லி, அந்தப் பேரேட்டிலேயே நேர் செய்வதுதான்.

பொது ஒதுக்கு: கழியாது

"நூறு பேரில் ரெண்டு பேர் தரமாட்டாங்க" என்பது அனுபவக் கணக்கு. வியாபாரம் நடத்த நல்ல எச்சரிக்கையும்கூட. ஆனால் எந்த ஆள், எந்த பில் என்று இல்லாத ஒதுக்கு இது. 80,000 ரூபாயும் திரும்பச் சேரும்.

"கணக்கியல் விதிப்படிதானே ஒதுக்கினோம், ரிசர்வ் வங்கியே ஒதுக்கச் சொல்லுதே" என்ற வாதமும் நீதிமன்றம் வரை போனது. வங்கி அல்லாத நிதி நிறுவனமான சதர்ன் டெக்னாலஜிஸ், கோயம்புத்தூர் வருமான வரி இணை ஆணையரை எதிர்த்து நடத்திய வழக்கு அது. வாராக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகளின்படி ஒதுக்கிய தொகையைக் கழிக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ரிசர்வ் வங்கி விதிகள், கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கானவை. வரிக்குரிய வருமானத்தை வருமான வரிச் சட்டம்தான் முடிவு செய்யும் என்பதே அதன் அடிப்படை.

வங்கிகளுக்கு மட்டும் தனி வழி உண்டு. பிரிவு 36(1)(viia)-ன் கீழ் ஒரு வரம்பு வரை ஒதுக்கையே கழித்துக்கொள்ளலாம். இந்திய ஷெட்யூல்டு வங்கிகளுக்கு இது வருமானத்தில் 8.5 சதவீதமும், கிராமப்புறக் கிளைகள் கொடுத்த சராசரிக் கடனில் 10 சதவீதமும். பின்னர் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் வருமானத்தில் 5 சதவீதம் வரை அனுமதி கிடைத்தது. துணி வியாபாரிக்கும் மளிகை மொத்த வியாபாரிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

தறிக்கூட முன்பணம்: வாராக்கடனாக அல்ல, வேறு வழியில்

இந்த 1,50,000 ரூபாய் எப்போதுமே வருமானத்தில் சேர்ந்ததில்லை. நம் கையிலிருந்து போன பணம். எனவே முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. வாராக்கடன் என்ற பெயரில் கேட்டால் கிடைக்காது.

ஆனால் விற்பதற்கான துணிக்காக, வியாபாரம் செய்யும் வழியிலேயே கொடுத்த பணம் இது. இப்படிப்பட்டதை வியாபார நட்டம் என்று தனியாகக் கோரலாம். அதில் ஒரு வித்தியாசம்: எழுதினாலே போதும் என்ற சலுகை இங்கே இல்லை. பணம் இந்த ஆண்டில்தான் உண்மையில் போனது என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆர்டர் கொடுத்த காகிதம், வங்கிப் பரிமாற்றம், திருப்பிக் கேட்டு அனுப்பிய நோட்டீஸ், கூடம் மூடப்பட்ட விவரம் எல்லாம் கையில் இருக்கணும்.

இதே முன்பணத்தைத் துணிக்காக இல்லாமல் சொந்தமாகத் தறி வாங்கக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அது முதலீடு சார்ந்த நட்டம். வியாபார வருமானத்திலிருந்து கழியாது.

கைமாத்து: கழியவே கழியாது

2 லட்சமும் வருமானத்தில் சேரவில்லை. நிறுவனம் வட்டித் தொழிலும் செய்யவில்லை. வியாபாரத்துக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமும் இல்லை. வாராக்கடன் என்று எழுதி, பேரேட்டையே மூடினாலும் பலனில்லை. முழுசாகத் திரும்பச் சேரும்.

கடைசியில் எவ்வளவு வரி?

புத்தக லாபம் 10,00,000. திரும்பச் சேர்ப்பது: மதுரை ஒதுக்கு 1,20,000, பொது ஒதுக்கு 80,000, கைமாத்து 2,00,000. மொத்தம் 4,00,000. தறிக்கூட முன்பணம் வியாபார நட்டமாக ஏற்கப்பட்டால், வரிக்குரிய வருமானம் 14 லட்சம்.

வரி 4,36,800 ரூபாய். முதலாளி நினைத்ததைவிட 1,24,800 ரூபாய் அதிகம். பணம் வராமல் போன ஆண்டில், கையிருப்பு குறைவாக இருக்கும் நேரத்தில்தான் இந்தத் தொகையையும் தேட வேண்டியிருக்கும். முன்கூட்டிய வரி கட்டும்போதே இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வட்டியும் சேரும்.

அடுத்த ஆண்டு மறக்கக் கூடாதது

ஒதுக்கு கழியவில்லை என்றால் அது நிரந்தரமாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, தள்ளிப் போயிருக்கிறது. அதைத் திரும்பப் பெற மறந்தால்தான் உண்மையான நஷ்டம்.

2025-26-ல் மதுரைக் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார், 2,40,000 ரூபாயும் போக்கெழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியை முந்தைய ஆண்டே ஒதுக்கியதால், இந்த ஆண்டு லாப நட்டக் கணக்கில் மீதி 1,20,000 மட்டும்தான் செலவாகத் தெரியும். அதை மட்டும் பார்த்து வரிக் கணக்கு போட்டால், பழைய 1,20,000 எந்த ஆண்டிலும் கழியாமலே போய்விடும். இந்த ஆண்டு கழிய வேண்டியது முழு 2,40,000. எனவே வரிக் கணக்கீட்டில் கூடுதலாக 1,20,000-ஐக் கழிக்கணும். மறந்தால் 37,440 ரூபாய் வரி தேவையில்லாமல் கட்டியதாகும்.

பொது ஒதுக்கிலும் இதே மாதிரி. 80,000 ரூபாய் ஒதுக்கை அடுத்த ஆண்டு 50,000 ஆகக் குறைத்தால், 30,000 ரூபாய் லாபமாக வந்து சேரும். அது ஏற்கெனவே வரி கட்டிய தொகை. வரிக் கணக்கீட்டில் அதைக் கழித்துவிடணும். இல்லாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி.

இதற்கு ஒரே ஒரு தாள் போதும். எந்த ஆண்டு, யாருக்காக, எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு திரும்பச் சேர்த்தோம், எந்த ஆண்டு கழித்தோம் என்று வரிசையாக எழுதி வைத்தால், ஆடிட்டர் மாறினாலும் கணக்கு தப்பாது.

எழுதிய பிறகு பணம் வந்துவிட்டால்?

சேலம் கடைக்காரர் மனசு மாறி இரண்டு ஆண்டு கழித்து 1 லட்சம் கொடுக்கிறார் என்றால், அது வந்த ஆண்டின் வருமானம். பிரிவு 41(4) இதைத்தான் சொல்கிறது. முன்பு கழித்த பலனை வாங்கியாச்சே, அதனால் வரி உண்டு. ஆனால் கழிக்க அனுமதிக்கப்படாத கைமாத்துப் பணம் திரும்பி வந்தால், இந்தப் பிரிவின்படி அதற்கு வரி வராது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளணும். போக்கெழுதுவது உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் நடக்கும் வேலை. கடனைத் தள்ளுபடி செய்வதாக அவருக்குக் கடிதம் கொடுப்பது இல்லை. பணத்தைக் கேட்கும் உரிமையும் வழக்குப் போடும் உரிமையும் அப்படியே இருக்கும். சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அந்தத் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

யாருக்கெல்லாம் இது பொருந்தாது?

பிரிவு 44AD-ன் கீழ், விற்பனையில் 8 அல்லது 6 சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டி வரி கட்டும் சிறு வியாபாரிகள் வாராக்கடனைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

பணம் கைக்கு வந்தால் மட்டும் வருமானமாக எழுதும் டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கும் இந்தக் கேள்வி எழாது. வராத ஃபீஸ் அவர்கள் வருமானத்தில் சேரவே இல்லை, கழிக்க எதுவும் இல்லை.

ஜி.எஸ்.டி. கட்டியவர்களுக்கு ஒரு விஷயம்: வாங்கியவர் பணம் தரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும், விற்பனைக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்காது. இங்கே சொன்னதெல்லாம் வருமான வரிக்கு மட்டும்தான்.

கணக்கை மூடுவதற்கு முன்...

ஆண்டுக் கணக்கை இறுதி செய்து கையெழுத்துப் போடுவதற்கு முன், பாக்கிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். இது நாம் பில் போட்டு வருமானமாகக் காட்டியதா, கையிலிருந்து கொடுத்த பணமா? இனி வராது என்று முடிவு செய்துவிட்டோமா, சந்தேகம் மட்டும்தானா? முடிவு செய்துவிட்டால், அந்தப் பேரேட்டில் அது குறைந்திருக்கிறதா?

கணக்கு முடிந்து, ரிட்டர்ன் போட்ட பிறகு "அது வாராக்கடன்தான்" என்று வாயால் சொல்வது உதவாது. அந்த ஆண்டு விட்டுப்போனால், அடுத்த ஆண்டுக் கணக்கில் போக்கெழுதி அந்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை வராத பணத்துக்கான வரி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.